கறுப்பை மட்டும் எண்ணுங்கள்

கணினிக்குள் தகவலை அடுக்கி வைக்கும் வழிகளில் இருமத் தேடல் மரம் என்பது மிகப் பழையது. மரம் என்றாலும் தலைகீழ் மரம். வேர் மேலே இருக்கும், கிளைகள் கீழே இறங்கும். ஒவ்வொரு கணுவிலும் ஒரு எண். அதைவிடச் சிறிய எண்கள் எல்லாம் அதன் இடப்பக்கம், பெரியவை எல்லாம் வலப்பக்கம். ஒரு எண்ணைத் தேட வேண்டுமென்றால் வேரில் தொடங்கி, சிறியதா பெரியதா என்று பார்த்து இடமோ வலமோ இறங்கிக்கொண்டே போக வேண்டியதுதான். எத்தனை அடுக்கு இறங்குகிறோமோ அத்தனை ஒப்பீடு. ஆகவே மரத்தின் உயரம்தான் தேடலின் செலவு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், எண்கள் ஏறுவரிசையில் வந்து சேரும்போது. 1, பிறகு 2, பிறகு 3 என்று 14 வரை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு புது எண்ணும் முந்தையதைவிடப் பெரியது, எனவே அதன் வலப்பக்கம் போய்த் தொங்கும். கடைசியில் கிடைப்பது மரமல்ல, 14 கணு நீளமுள்ள சங்கிலி. இது அபூர்வமான விபத்து என்று நினைக்க வேண்டாம். வாடிக்கையாளர் எண், ரசீது எண், தேதி எல்லாமே நடைமுறையில் ஏறுவரிசையில்தான் வருகின்றன. 10 லட்சம் பதிவுகள் இப்படி வந்தால் கடைசிப் பதிவைத் தேட 10 லட்சம் ஒப்பீடு. அதே பதிவுகளைச் சீராக அடுக்கியிருந்தால் 20 ஒப்பீட்டில் முடிந்திருக்கும்.

இந்த 20 எங்கிருந்து வந்தது? 10 லட்சத்தைத் திரும்பத் திரும்பப் பாதியாக்கினால் ஏறக்குறைய 20 தடவையில் ஒன்றுக்கு வந்துவிடும். அதைத்தான் 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை என்கிறோம். பள்ளிப் பாடத்தில் 10 அடிமானமாக வந்த அதே மடக்கைதான், இங்கே log என்று எழுதுவோம். 1,000-க்கு அது ஏறக்குறைய 10, 100 கோடிக்கு 30. ஒரு மரம் எவ்வளவு சீராக இருந்தாலும் உயரம் இதற்குக் கீழே அதிகம் போக முடியாது. கேள்வி இதுதான்: எண்கள் எந்த வரிசையில் வந்தாலும் உயரம் இதைவிட அதிகம் ஏறாமல் காக்க முடியுமா?

1962-இல் அடெல்சன்-வெல்ஸ்கி, லாண்டிஸ் என்ற இரு சோவியத் கணிதர்கள் முடியும் என்று காட்டினார்கள். அவர்களுடைய ஏவிஎல் மரம் கண்டிப்பானது, உயரம் ஏறக்குறைய 1.44 log n-க்குள் நிற்கும். பத்தாண்டு கழித்து 1972-இல் ஜெர்மானியர் ருடால்ஃப் பேயர் சற்றுத் தளர்வான இன்னொரு அமைப்பைக் கொண்டுவந்தார். அதற்கு நிறம் பூசி இன்றைய வடிவம் தந்தவர்கள் லியோனிடஸ் கிபாஸ், ராபர்ட் செட்ஜ்விக் இருவரும். அவர்களுடைய கட்டுரை 1978-இல் வந்தது. வேலை நடந்தது ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில். அங்கே புதிதாக வந்திருந்த வண்ண லேசர் அச்சுப்பொறியில் சிவப்புதான் பார்க்க நன்றாக இருந்தது, அதனால் சிவப்பு என்று செட்ஜ்விக் பின்னாளில் சொன்னார். ஆக, நிறத்தில் தத்துவம் எதுவும் இல்லை. இரண்டு வகைக் கணுக்களைப் பிரித்தறிய ஒரு அடையாளம் வேண்டும், அவ்வளவே.

இந்தச் சிவப்பு-கறுப்பு மரத்தின் விதிகள் மூன்றுதான். வேர் கறுப்பு. சிவப்புக் கணுவுக்கு நேர் கீழே இன்னொரு சிவப்புக் கணு வரக்கூடாது. வேரிலிருந்து கீழே காலி இடம் வரை எந்தப் பாதையில் இறங்கினாலும் வழியில் எதிர்ப்படும் கறுப்புக் கணுக்களின் எண்ணிக்கை ஒன்றாகவே இருக்க வேண்டும். காலி இடம் என்றால் அடுத்த எண் வந்தால் உட்காரக்கூடிய இடம். ஒரு கணுவுக்கு இடக்கிளை இல்லையென்றால் அங்கே ஒரு காலி இடம் இருக்கிறது என்று பொருள். அதுவும் ஒரு பாதையின் முடிவாகக் கணக்கில் வரும். எல்லாப் பாதைக்கும் பொதுவான அந்தக் கறுப்பு எண்ணிக்கைக்குத்தான் கறுப்பு உயரம் என்று பெயர். அதை b என்று குறித்துக்கொள்வோம். (பாடநூல்கள் பலவற்றில் வேரை விட்டுவிட்டு, காலி இடத்தையும் ஒரு கறுப்பாகச் சேர்த்து எண்ணுவார்கள். மேலே ஒன்று குறைகிறது, கீழே ஒன்று கூடுகிறது, விடை மாறாது.)

கவனியுங்கள், உயரத்தைப் பற்றி இந்த விதிகளில் ஒரு சொல்கூட இல்லை. இடப்பக்கமும் வலப்பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்றும் எங்கும் சொல்லவில்லை. அப்படியிருந்தும் உயரம் 2 log n அளவுக்குள் அடங்கிவிடுகிறது. எப்படி?

முதலில் சிவப்பை மறந்துவிட்டுக் கறுப்பை மட்டும் பார்ப்போம். ஒரு மரத்தின் கறுப்பு உயரம் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாதையில் இறங்கினாலும் காலி இடத்தை அடையுமுன் 3 கறுப்புக் கணுவைத் தாண்டியாக வேண்டும். அப்படியென்றால் 3 கணுவுக்குக் குறைவான நீளத்தில் எந்தப் பாதையும் முடிய முடியாது. முதல் மூன்று அடுக்குகளில் எங்கேயும் ஒரு ஓட்டை இருக்க வழியில்லை, ஏனென்றால் இரண்டாம் அடுக்கிலோ மூன்றாம் அடுக்கிலோ ஒரு காலி இடம் இருந்தால் அந்தப் பாதையில் மூன்று கறுப்பு எப்படிச் சேரும்? ஆகவே முதல் அடுக்கில் 1, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 4 என்று அந்த மூன்று அடுக்கும் முழுசாக நிரம்பியே இருக்கும். குறைந்தது 7 கணு. கறுப்பு உயரம் 4 என்றால் குறைந்தது 15. பொதுவாக b என்றால் குறைந்தது 2^b − 1.

கறுப்பு உயரம் ஒன்று கூட வேண்டுமானால் மரத்தில் கணுக்கள் ஏறக்குறைய இரண்டு மடங்காக வேண்டும் என்பதுதான் இதன் பொருள். திருப்பிப் போட்டுப் படித்தால், n கணு உள்ள மரத்தில் கறுப்பு உயரம் log(n + 1)-ஐத் தாண்டாது. 10 லட்சம் கணு உள்ள மரத்தில் கறுப்பு உயரம் 20 ஆக முடியாது. அதற்கு 10,48,575 கணு வேண்டும். அதிகபட்சம் 19.

இனி சிவப்பைச் சேர்ப்போம். ஒரு பாதையில் b கறுப்பு இருக்கிறது. அதே பாதையில் எத்தனை சிவப்பைச் செருகலாம்? வேர் கறுப்பு என்பதால் ஒவ்வொரு சிவப்புக்கும் மேலே ஒரு கணு இருந்தே தீரும். இரண்டு சிவப்பு அடுத்தடுத்து வரக்கூடாது என்பதால் அந்த மேல் கணு கறுப்பாகத்தான் இருக்கும். ஒரு கறுப்புக்குக் கீழே இந்தப் பாதையில் ஒரே ஒரு சிவப்புதான் வர முடியும் என்பதால் சிவப்பு ஒருபோதும் கறுப்பைவிட அதிகமாகாது. பாதையின் நீளம் அதிகபட்சம் b கறுப்பும் b சிவப்புமாக 2b.

இரண்டையும் சேர்த்தால் வேலை முடிந்தது. மரத்தின் உயரம் என்பது மிக நீண்ட பாதையின் நீளம். அது 2b-க்கு மேல் போகாது. b என்பது log(n + 1)-க்கு மேல் போகாது. எனவே

```
h ≤ 2b ≤ 2 log(n + 1)
```

இந்த நிரூபணத்தில் எனக்குப் பிடித்தது வேலைப் பங்கீடு. கறுப்பு விதி மிகக் குறுகிய பாதையைப் பிடித்து, இதற்குக் கீழே போகாதே என்கிறது. சிவப்பு விதி மிக நீண்ட பாதையைப் பிடித்து, அதன் இரு மடங்குக்கு மேல் போகாதே என்கிறது. மரம் முழுவதையும் சமப்படுத்த யாரும் மெனக்கெடவில்லை.

இனி, தொடக்கத்தில் சங்கிலியாகிப்போன அந்த 1 முதல் 14 வரையுள்ள எண்களை இந்த மரத்தில் அதே வரிசையில் போட்டுப் பார்ப்போம். புதிதாக வரும் கணு எப்போதும் சிவப்பாகவே நுழையும். காரணம் எளிது: சிவப்பு நுழைந்தால் எந்தப் பாதையின் கறுப்புக் கணக்கும் மாறாது. கெடக்கூடியது சிவப்பு விதி ஒன்றுதான், அதுவும் புதுக் கணுவின் பெற்றோரும் சிவப்பாக இருந்தால் மட்டும். அப்படி நேர்ந்தால் பெற்றோரின் உடன்பிறப்பைப் பார்க்க வேண்டும். அதுவும் சிவப்பு என்றால் இரண்டையும் கறுப்பாக்கி, பாட்டன் கணுவைச் சிவப்பாக்குவார்கள். தகராறு இரண்டு அடுக்கு மேலே போகும். உடன்பிறப்பு கறுப்பு என்றாலோ, இல்லவே இல்லை என்றாலோ அந்த இடத்தில் கணுக்களை ஒரு சுழற்று சுழற்றி, நடுவில் உள்ள எண்ணை மேலே கொண்டுவந்து கறுப்பாக்குவார்கள்; தகராறு அங்கேயே தீர்ந்துவிடும்.

1 வேராக, கறுப்பாக நிற்கிறது. 2 அதன் வலப்பக்கம் சிவப்பு. 3 வந்து 2-இன் கீழே நுழைகிறது. இரண்டு சிவப்பு அடுத்தடுத்து. சுழற்சியில் 2 மேலேறிக் கறுப்பாகிறது, 1-உம் 3-உம் அதன் இருபுறமும் சிவப்பாகின்றன. 4 வந்து 3-இன் கீழே உட்காருகிறது. இப்போது 3-உம் அதன் உடன்பிறப்பான 1-உம் சிவப்பு, எனவே இரண்டும் கறுப்பாகின்றன. பாட்டனான 2 சிவப்பாக வேண்டும், ஆனால் அது வேர், கறுப்பாகவே விடப்படுகிறது. எல்லாப் பாதைகளிலும் ஒரே நேரத்தில் ஒரு கறுப்பு கூடியது இந்த இடத்தில்தான். எண்களைச் சேர்க்கும்போது கறுப்பு உயரம் வளர்வதற்கு இது ஒன்றே வழி. 4 வந்தபோது அது 2 ஆனது, 10 வந்தபோது 3 ஆகும்.

இடையில் உள்ளவற்றைத் தாளில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். 13 சேர்ந்தபின் உயரம் 5. கடைசியாக 14 வந்து 13-இன் கீழே நுழைகிறது. 13 சிவப்பு, அதன் உடன்பிறப்பு 11-உம் சிவப்பு. இரண்டும் கறுப்பாகி 12 சிவப்பாகிறது. 12-இன் பெற்றோர் 10 சிவப்பு, அதன் உடன்பிறப்பு 6-உம் சிவப்பு. அவையும் கறுப்பாகி 8 சிவப்பாகிறது. 8-இன் பெற்றோர் 4 கறுப்பு, தகராறு தீர்ந்தது. ஒரு சுழற்சிகூட இல்லை, நிறம் மாறியதோடு சரி. கிடைத்த மரம் இது (க கறுப்பு, சி சிவப்பு, ஒவ்வொரு கணுவின் கீழும் முதலில் இடக்கிளை, பிறகு வலக்கிளை, 14 தன் பெற்றோரின் வலக்கிளை):

```
4க
├─ 2க
│  ├─ 1க
│  └─ 3க
└─ 8சி
   ├─ 6க
   │  ├─ 5க
   │  └─ 7க
   └─ 10க
      ├─ 9க
      └─ 12சி
         ├─ 11க
         └─ 13க
            └─ 14சி
```

இடக்கோடியில் 4, 2, 1 என்று மூன்றே கணு, மூன்றும் கறுப்பு. வலக்கோடியில் 4, 8, 10, 12, 13, 14 என்று ஆறு கணு, கறுப்பும் சிவப்பும் மாறி மாறி. ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தின் சரியாக இரு மடங்கு. சூத்திரம் அனுமதிக்கும் உச்ச வளைவு இதுதான், இதற்கு மேல் ஒரு கணுகூட வளைய முடியாது.

இன்னொரு விஷயம், 14-ஐவிடக் குறைந்த கணுக்களை வைத்து உயரம் 6 கொண்டுவரவே முடியாது. ஏன்? உயரம் 6 என்றால் கறுப்பு உயரம் குறைந்தது 3. அது 4 ஆக இருந்தால் மேல் நான்கு அடுக்கை நிரப்பவே 15 கணு வேண்டும். 3 என்றால் நீண்ட பாதையில் நிறம் மாறி மாறித்தான் வந்தாக வேண்டும். அந்தப் பாதையில் உள்ள ஒவ்வொரு கணுவுக்கும் மறுபக்கம் பாக்கியுள்ள கறுப்புக் கணக்கைச் சரிக்கட்ட ஆள் வேண்டும்: 4-இன் மறுபக்கம் 3 கணு, 8-இன் மறுபக்கம் 3, 10-க்கு 1, 12-க்கு 1. பாதையின் 6-ஐயும் சேர்த்தால் 14. கறுப்பு விதி உயரத்துக்கு விலை வைக்கிறது என்று சொல்லலாம். ஒரு பக்கம் நீள வேண்டுமானால் மறுபக்கம் கணுவாகக் கட்டணம் கட்டியாக வேண்டும்.

இதே கணக்கைப் பொதுவாகப் போட்டால் உயரம் 2b எட்டக் குறைந்தது 2^(b+1) − 2 கணு தேவை. உயரம் 38 வேண்டுமானால் 10,48,574 கணு. ஆகவே 10 லட்சம் கணு உள்ள மரத்தின் உண்மையான உச்ச உயரம் 37. மேலே நிரூபித்த வாய்பாடு 39 வரை அனுமதிக்கிறது. பாடநூல்கள் இந்த இரண்டைக் கண்டுகொள்வதில்லை, அது நியாயமும்கூட. அதேபோல n + 1 என்று ஏன் எழுதுகிறோம், n போதாதா என்று கேட்கலாம். ஒரே ஒரு கணு உள்ள மரத்தில் மட்டும் போதாது: உயரம் 1, ஆனால் log 1 என்பது 0. இரண்டு கணு முதல் 2 log n என்றே தைரியமாகச் சொல்லலாம்.

ஏவிஎல் மரம் 1.44-க்குள் நிற்கும்போது 2-க்கு ஏன் இணங்க வேண்டும்? தளர்வுக்கு ஒரு லாபம் உண்டு. சிவப்பு-கறுப்பு மரத்தில் ஒரு எண்ணைச் சேர்க்க அதிகபட்சம் இரண்டு சுழற்சி, நீக்க மூன்று. ஏவிஎல்-இல் நீக்கும்போது சுழற்சி வேர்வரை தொடரக்கூடும். ஜாவாவின் `TreeMap`, லினக்ஸ் 2007 முதல் ஓடக் காத்திருக்கும் நிரல்களை வரிசைப்படுத்தும் பட்டியல், இரண்டிலும் இருப்பது சிவப்பு-கறுப்பு மரம்தான்.

நீக்குவது என்றதும் ஒரு வழக்கு நினைவுக்கு வருகிறது. செட்ஜ்விக் தம் வகுப்பில் சொல்வது. ஒரு தொலைபேசி நிறுவனம் வாடிக்கையாளர் விவரங்களை வைக்க ஒரு தரவுத்தள நிறுவனத்திடம் மென்பொருள் வாங்கியது. உள்ளே சிவப்பு-கறுப்பு மரம். உயரம் 80-ஐத் தாண்டினால் ஏதோ கெட்டுவிட்டது என்று பொருள், உடனே மீட்பு வேலை தொடங்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். 80 என்பது 2-இன் 40 மடங்கு. உயரம் 80 ஆக ஏறக்குறைய 2.2 லட்சம் கோடி பதிவு வேண்டும். எந்தத் தொலைபேசி நிறுவனத்துக்கு அத்தனை வாடிக்கையாளர்? ஆனாலும் உயரம் 80-ஐத் தாண்டியது, மீட்பு வேலை தொடங்கியது, தொலைபேசிச் சேவை நெடுநேரம் முடங்கியது, விவகாரம் நீதிமன்றம் போனது. தேடலும் சேர்த்தலும் சிவப்பு-கறுப்பு முறையில் இருந்தன. நீக்கல் மட்டும் நிறத்தைப் பார்க்காத பழைய முறையில் எழுதப்பட்டிருந்தது.

இது எப்படி நடக்கும் என்பதை நம் 14 கணு மரத்திலேயே பார்த்துவிடலாம். நிறத்தைக் கவனிக்காமல் 1, 3, 2 என்று ஒவ்வொன்றாக நீக்குங்கள். பிறகு 5, 7, 6, 9, 11. நீக்கும் நேரத்தில் ஒவ்வொன்றும் கீழே எதுவும் தொங்காத கணுதான், எனவே பார்வைக்கு எந்தக் கோளாறும் தெரியாது. மிஞ்சுவது 4, 8, 10, 12, 13, 14. ஆறு கணு, உயரமும் ஆறு, நாம் தப்பிக்க நினைத்த அதே சங்கிலி. ஆறு கணுவுக்கு வாய்பாடு அனுமதிப்பது 2 log 7, அதாவது 5.6. மீறிவிட்டது.

எந்த விதி உடைந்தது என்று பாருங்கள். வேர் கறுப்பாகவே இருக்கிறது. சிவப்புக்குக் கீழே சிவப்பு எங்கும் இல்லை. வலக்கோடிப் பாதையில் மூன்று கறுப்பு இருக்கிறது, ஆனால் 4-இன் இடப்பக்கம் காலி. அங்கே முடியும் பாதையில் கறுப்பு ஒன்றே ஒன்று. கறுப்பு உயரம் என்று ஒரு எண்ணைச் சொல்லவே முடியாத நிலை. நிரூபணத்தின் முதல் பாதி, அதாவது மேல் b அடுக்கும் நிரம்பியிருக்கும் என்ற பாதி, அத்தோடு போயிற்று. இரண்டாம் பாதி மட்டும் எதையும் தாங்காது. சிவப்பு விதியை விட்டாலும் கதை இதுதான்: கறுப்பு வேருக்குக் கீழே எத்தனை சிவப்பை வேண்டுமானாலும் சங்கிலியாகத் தொங்கவிடலாம், எல்லாப் பாதையிலும் கறுப்பு ஒன்றாகவே இருக்கும்.

எனவே சிவப்பு-கறுப்பு மரத்தை நீங்கள் சொந்தமாக எழுதுகிறீர்கள் என்றால் உயரத்துக்கு எச்சரிக்கை மணி கட்டிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். உயரம் மீறும் நேரத்தில் மரம் கெட்டு வெகுநாள் ஆகியிருக்கும். சோதனை ஓட்டத்தின்போது ஒவ்வொரு சேர்த்தலுக்கும் நீக்கலுக்கும் பிறகு கீழிருந்து மேலாக ஒவ்வொரு கணுவிடமும் கேளுங்கள்: உன் இடப்பக்கம் எத்தனை கறுப்பு, வலப்பக்கம் எத்தனை? காலி இடம் 0 என்று சொல்லும். இருபுறமும் ஒரே விடை வந்தால், தான் கறுப்பு என்றால் ஒன்று கூட்டி, சிவப்பு என்றால் அப்படியே மேலே சொல்லும். விடை மாறினால் அங்கேயே நிறுத்துங்கள். நம் 14 கணு மரத்தில் 1-ஐ நீக்கிய அந்தக் கணமே இந்தச் சோதனை 2-இல் வந்து பிடித்துவிடும்: இடப்பக்கம் 0, வலப்பக்கம் 1.